78 கிலோவிலிருந்து 54: வாரம் எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்தலாம்?

செம்பூர்_வித்யா (திங்கள், இரவு 9.40)

வயசு 41, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூணு மாச சராசரி சர்க்கரை 6.0. மாத்திரை எதுவும் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு இன்னும் 12 வாரம் இருக்கு.

ஜிம்மில் அந்த 12 வாரத்துக்கு இலக்கு 54 கிலோன்னு எழுதி, ஒரு நாளைக்கு 1,200 கலோரின்னு அட்டவணை கொடுத்திருக்காங்க. உயரத்தில் 100 கழிச்சா 58, பெண்களுக்கு அதிலும் கொஞ்சம் குறைக்கணும், அதனால 54ன்னு கணக்கு சொன்னாங்க. எனக்கு ரெண்டு கேள்வி. வாரத்துக்கு எவ்வளவு குறையும்னு எதிர்பார்க்கலாம்? 54 எனக்குச் சரியான எண்தானா?

தாணே_பாலா (திங்கள், இரவு 10.15)

வாரம் ஒரு கிலோங்கிறது எல்லாருக்கும் பொதுவான கணக்கு சகோதரி. ஒரு கிலோ கொழுப்புன்னா 7,700 கலோரி. அதை ஏழால் வகுத்தா ஒரு நாளைக்கு 1,100. அவ்வளவு குறைச்சுச் சாப்பிட்டா வாரம் ஒரு கிலோ இறங்கியே ஆகணும். 12 வாரத்தில் 12 கிலோ. கல்யாணத்துக்கு 66, அதுக்கப்புறம் இன்னொரு மூணு மாசத்தில் 54. ஜிம் அட்டவணையை நம்பிப் பண்ணுங்க. மெதுவா குறைச்சாத்தான் திரும்ப ஏறாது, அதனால வாரம் ஒரு கிலோவுக்கு மேல மட்டும் போகாதீங்க.

உணவியல்_மீரா (திங்கள், இரவு 11.05)

பாலா சொன்ன 7,700 சரியான எண். அதை யார்மேல் போடுகிறோம் என்பதில்தான் பிழை. வித்யாவின் உடல் ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எடையைப் பத்தால் பெருக்கினால் 780. உயரத்தை 6.25ஆல் பெருக்கினால் 987.5. இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கி வரும் 205ஐயும், பெண்களுக்கான 161ஐயும் கழித்தால் ஏறத்தாழ 1,400. படுத்தே இருந்தாலும் உடல் எரிக்கும் அளவு இது. உட்கார்ந்த வேலைக்கு இதை 1.3ஆல் பெருக்கினால் சுமார் 1,820 கலோரி. ஆளுக்கு ஆள் 10 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். தொடங்குவதற்கு இது போதும்.

இதில் 1,100ஐக் கழித்தால் மிஞ்சுவது 720 கலோரி. இரண்டு வேளைக்குக்கூடக் காணாது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் அந்த அளவில் யாரையும் வைக்கக் கூடாது.

ஜிம் சொன்னதையும் போட்டுப் பாருங்கள். 12 வாரத்தில் 24 கிலோ என்றால் வாரம் 2 கிலோ, ஒரு நாளைக்கு 2,200 கலோரி பற்றாக்குறை. வித்யா செலவழிப்பதே 1,820தான். 12 வாரமும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் இந்தக் கணக்கு நிறைவேறாது. இலக்கையும் நாளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தவர் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

வேகத்தைக் கிலோவில் வைக்காமல் உடல் எடையின் சதவீதத்தில் வையுங்கள். வாரத்துக்கு அரை சதவீதம் என்பது வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பாலானோருக்குத் தாங்கும். ஒரு சதவீதம் மேல் எல்லை. 110 கிலோ ஆணுக்கு ஒரு சதவீதம் என்றால் 1.1 கிலோ. அவர் உடல் செலவழிப்பதும் அதிகம், அதனால் முடியும். வித்யாவுக்கு அரை சதவீதம் என்பது 390 கிராம். தினமும் சுமார் 420 கலோரி குறைத்து 1,400 சாப்பிட்டால் அது வரும்.

முலுண்ட்_முரளி (செவ்வாய், காலை 7.20)

மேடம், அந்த 1,400 கலோரியை நானும் இன்னிக்கே ஆரம்பிக்கலாமா? வயசு 47, 168 செ.மீ., 65 கிலோ. தொப்பை மட்டும்தான் பிரச்சினை, இடுப்பு 96 செ.மீ. சர்க்கரைக்குக் காலையில கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். வாரம் ஒரு கிலோ வீதம் பத்து கிலோ இறக்கணும்னு ஆசை.

உணவியல்_மீரா (செவ்வாய், காலை 8.10)

முரளி சார், இன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். வித்யாவின் கேள்வி வேறு, உங்கள் நிலை வேறு. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. மாத்திரை அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் 11 மணிக்கோ சாயந்திரமோ சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் அதன் அடையாளங்கள். அந்த நேரத்தில் அளந்து 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாப்பாட்டை எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் அளவை அவர் மாற்றித் தருவார்.

உங்களுக்குப் பத்து கிலோ இலக்கும் பொருந்தாது. 55 கிலோவில் தொப்பையோடு தொடையும் தோளும் சேர்ந்து இளைத்துப் போகும். உங்கள் இலக்கு நாடாவில் இருக்கட்டும். இடுப்பு உயரத்தில் பாதிக்குள், அதாவது 84 செ.மீ.க்குள் வர வேண்டும். எடையில் மூன்று கிலோ குறைத்து 62இல் நிறுத்துங்கள். வாரம் 250 கிராம் போதும். வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி செய்தால், தராசு நகராத மாதத்திலும் நாடா நகரும்.

தாணே_பாலா (செவ்வாய், மதியம் 1.30)

மீரா மேடம், 110 கிலோ ஆளுக்கும் 78 கிலோ ஆளுக்கும் ஒரே எண்ணைச் சொன்னது தப்புதான். ஆனா 390 கிராம்னு வச்சாலும் 60 வாரத்தில் 24 கிலோ குறையணும் இல்லையா? அப்போ 54ங்கிற இலக்கில் என்ன தப்பு, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே?

உணவியல்_மீரா (செவ்வாய், இரவு 9.50)

அந்த 60 வாரக் கணக்கில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். வித்யா 70க்கு வரும்போது அதே சூத்திரம் 1,720 கலோரிதான் காட்டும். அப்போதும் 1,400 சாப்பிட்டால் பற்றாக்குறை 320, வாரத்துக்கு 290 கிராம். 62 கிலோவில் செலவு சுமார் 1,610. பற்றாக்குறை 210 ஆகிவிடும், வாரத்துக்கு 190 கிராம்தான். சாப்பாடு மாறவில்லை, கட்டுப்பாடு தளரவில்லை, ஆனாலும் வேகம் பாதியாகிவிடும். அந்த இடத்தில்தான் பலரும் "உடம்பு பழகிடுச்சு, இனி இறங்காது" என்று விட்டுவிடுகிறார்கள். அதைவிடக் கெடுதல், சாப்பாட்டை 1,000க்கு இறக்குவது.

இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. முதல் 12 வாரத்தில் கொழுப்பு நாலு கிலோ, முதல் வாரத்தில் வடியும் நீர் ஒரு கிலோ. கல்யாணத்தன்று 73 அல்லது 74. 70ஐத் தொட ஏறத்தாழ ஆறு மாதம். அங்கிருந்து 62க்கு இன்னும் எட்டு மாதம், அதுவும் தவறாமல் கடைப்பிடித்தால். பண்டிகையையும் ஊர்ப் பயணத்தையும் சேர்த்தால் அந்த எட்டு மாதத்தை ஒரு வருடம் என்றே வையுங்கள்.

இலக்கு எடையைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: அந்த எடையில் நிற்க ஆயுள் முழுக்க எவ்வளவு சாப்பிடலாம்? 54 கிலோவில் இதே உட்கார்ந்த வேலையோடு நிற்க வேண்டும் என்றால் தினமும் சுமார் 1,500 கலோரி. கல்யாண வீட்டிலும் அதுதான், மழைக்காலத்தில் வடா பாவ் வாசனை வரும்போதும் அதுதான். 65இல் நின்றால் 1,650. நான் சொல்லும் நிறுத்தமான 70இல் நின்றால் 1,720. உடல் தன்னைச் சிக்கனப்படுத்திக்கொள்வதால் நிஜத்தில் இவை இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வித்யா ஒரு வாரம் 1,500 சாப்பிட்டுப் பார்த்து, இதை வருடக்கணக்கில் செய்ய முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

உயரத்தில் 100 கழிக்கும் கணக்கு காகிதம் இல்லாமல் மனதில் போடுவதற்கானது. இப்போதைய எடை, வயது, இடுப்பு, சர்க்கரை எதுவும் அதில் இல்லை.

நெருல்_மருத்துவர் (புதன், காலை 6.45)

பாலா முதல் பதிவில் சொன்ன ஒன்றை யாரும் தொடவில்லை. மெதுவாகக் குறைத்தால்தான் திரும்ப ஏறாது என்பதற்கு ஆதாரம் பலவீனம். 2014இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் சுமார் 200 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒன்று 12 வாரத்தில் வேகமாக, இன்னொன்று 36 வாரத்தில் மெதுவாக. இலக்கைத் தொட்டவர்களை ஏறத்தாழ மூன்று வருடம் தொடர்ந்து பார்த்ததில், இரண்டு அணியிலும் குறைத்ததில் சுமார் 70 சதவீதம் திரும்பி வந்திருந்தது. இலக்கைத் தொட்டவர்கள் வேகமான அணியில்தான் அதிகம். ஆகவே வேகமே தவறு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அங்கே கொடுத்தது வைட்டமின், புரதம் எல்லாம் அளந்து சேர்த்த பொடி உணவு. கூடவே தொடர் கண்காணிப்பும் இருந்தது. ஜிம் தாளில் எழுதிய 1,200 கலோரி இட்லி, சாலட் அதற்குச் சமமில்லை. வாரம் 1.5 கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு தெளிவாகவே கூடுகிறது. கொழுப்பு வேகமாகக் கரையும்போது பித்தநீரில் கொலஸ்டிரால் அடர்ந்துவிடும். சாப்பாடு குறைவதால் பித்தப்பை சுருங்கிக் காலியாவதும் குறைந்துவிடும். சாப்பிட்டபின் வலது விலா எலும்புக்குக் கீழே வலித்தால் வாயுத் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இலக்கைப் பற்றி மீராவோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. இந்தியர்களுக்கு 2009இல் வகுத்த அளவில் பி.எம்.ஐ. 25 தாண்டினாலே உடற்பருமன். வித்யாவின் உயரத்துக்கு அது 62 கிலோ. 23க்குக் கீழே வர 57. 70இல் பி.எம்.ஐ. 28. அதைக் கடைசி இலக்கு என்று சொல்லிக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

உணவியல்_மீரா (புதன், காலை 9.15)

70ஐ முதல் நிறுத்தம் என்றுதான் சொல்கிறேன் டாக்டர். 6.0 சர்க்கரைக்கு அதுவே பெரிய மாற்றம். 2002இல் வந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும்தான் இலக்கு. சுமார் மூன்று வருடத்தில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. வித்யாவுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. கல்யாணத்தன்று வரும் என்று சொன்ன 73 அதற்கு மிக அருகில் இருக்கிறது.

70க்கு வந்ததும் ஆறு வாரம் குறைப்பதை நிறுத்திவிட்டு, எடையை ஏறாமல் வைத்திருக்கட்டும். அது சுலபமாக இருந்தால் அடுத்து 66. கஷ்டமாக இருந்தால் அங்கேயே இன்னும் நாள் எடுக்கட்டும். 62ஐ இப்போதே எழுதி வைத்து, 68இல் சோர்ந்து, 75க்குத் திரும்பிப் போனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நெருல்_மருத்துவர் (புதன், காலை 11.00)

பார்த்திருக்கிறேன். 68இல் திருப்தியாகி நின்றுவிட்டு ஐந்து வருடம் கழித்துச் சர்க்கரையோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 70இல் நிற்கும் அந்த ஆறு வாரத்தில் சர்க்கரையையும் இடுப்பையும் மறுபடி அளந்து, அதைப் பார்த்து அடுத்த எண்ணை வைப்பதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. சர்க்கரை 5.7க்குக் கீழே வந்து, இடுப்பும் 80 செ.மீ.யைச் சுற்றி வந்துவிட்டால் 66க்காக அவரை நான் நெருக்க மாட்டேன். வராவிட்டால் 62 வரை போகத்தான் சொல்வேன்.

செம்பூர்_வித்யா (புதன், இரவு 10.20)

ரொம்ப நன்றி. இடுப்பு இப்போ 98. நடைமுறையில் ரெண்டு சந்தேகம். 420 கலோரியை எங்கே குறைக்கிறது? தினமும் எடை பார்த்தா ஒரு நாள் ஏறுது, ஒரு நாள் இறங்குது. வாரம் 390 கிராம் இறங்குதான்னு எப்படித் தெரியும்?

உணவியல்_மீரா (வியாழன், காலை 7.30)

முதலில் எண்ணெய். வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். நாலு பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் ஆளுக்குத் தினமும் 42 மில்லி, ஏறக்குறைய 340 கலோரி. மூன்று லிட்டரில் நிறுத்தினால் ஆளுக்கு 25 மில்லி. யாருக்கும் தட்டில் எதுவும் குறைந்ததாகத் தெரியாமல் 130 கலோரிக்கு மேல் மிச்சமாகும். மாதத் தொடக்கத்தில் மூன்று பாக்கெட் மட்டும் வாங்கி வைப்பதுதான் வழி. கரண்டியில் அளந்து ஊற்றுவது பத்து நாளில் நின்றுவிடும்.

அடுத்து காபி. கொழுப்பு நீக்காத பால் 100 மில்லியும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்ந்தால் 125 கலோரி. மூன்று டம்ளர் குடிப்பவர் ஒன்றைக் குறைத்து, மீதி இரண்டிலும் சர்க்கரையைப் பாதியாக்கினால் 165 மிச்சம். மதியம் வடித்த சாதத்தில் 100 கிராம் குறைத்தால் 130. மூன்றும் சேர்ந்து 420ஐத் தொட்டுவிட்டது.

குறைத்த சாதத்தின் இடத்தைச் சும்மா விடாதீர்கள். புரதம் ஒரு நாளைக்கு 70 கிராமாவது இருந்தால்தான் இறங்குவது கொழுப்பாக இருக்கும், தசையும் சேர்ந்து கரையாது. சாம்பாரில் நீராக ஓடும் பருப்பை நம்பினால் அது வராது. கெட்டிப் பருப்பு, முட்டை, தயிர், பனீர், சோயா என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று இருக்கட்டும். அவை கொண்டுவரும் கலோரியும் 1,400க்குள்தான் அடங்க வேண்டும். அதற்காகச் சாதமோ சப்பாத்தியோ இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரும்.

எடையைப் பொறுத்தவரை, காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாருங்கள். ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுங்கள். தனி நாளின் எண்ணுக்கு மதிப்பு கொடுக்க வேண்டாம். ஒரு உதாரணம்:

```
மூன்றாம் வாரம்: 76.9  76.4  76.6  77.3  76.8  76.2  76.5   சராசரி 76.67
நாலாம் வாரம்:   76.5  76.9  77.2  76.6  76.0  76.1  75.9   சராசரி 76.46
```

இரண்டு செவ்வாய்க்கிழமையை மட்டும் பார்த்தால் 76.4 இருந்தது 76.9 ஆகிவிட்டது, அரை கிலோ ஏறியது போலத் தெரியும். சராசரியில் 210 கிராம் இறங்கியிருக்கிறது. முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் ஓட்டல் சாப்பாடும் இருந்தால் உப்பு நீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய்க்கு முந்தின வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல்கூட நிற்கலாம். அதனால் பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே சரி. நாலு வாரத்தில் சராசரி ஒன்றரை கிலோவை ஒட்டி இறங்கியிருந்தால் கணக்கு நடக்கிறது.

தாணே_பாலா (வியாழன், மதியம் 2.10)

நாலு வாரம் பார்த்தும் அரை கிலோதான் இறங்கியிருந்தா? உடனே 1,200க்குப் போகலாமா?

உணவியல்_மீரா (வியாழன், இரவு 8.40)

அதற்கு முன்னால் ஒரு வாரம் எல்லாவற்றையும் எடைபோட்டு எழுத வேண்டும். பெரும்பாலும் கலோரி ஒளிந்திருப்பது சனி, ஞாயிறில்தான். ஐந்து நாள் 420 குறைத்தால் 2,100. ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் ஒரு மதியச் சாப்பாடு, ரயில் நிலையத்தில் ஒரு வடா பாவ், வீட்டில் மீந்த இனிப்பு என்று இரண்டு நாளில் 1,500 கூடிவிட்டால் மிச்சம் 600. வாரத்துக்கு 80 கிராம்கூட இறங்காது. சாப்பிடுபவரைக் கேட்டால் "ஐந்து நாள் பட்டினி கிடந்தேன்" என்றே சொல்வார், அவர் சொல்வதிலும் பொய் இல்லை.

எழுதிப் பார்த்தும் உண்மையிலேயே 1,400தான் என்றால், சூத்திரம் அவருக்குக் கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது 100 கலோரி மட்டும் குறைத்து, தினமும் அரை மணி நடையைச் சேர்க்க வேண்டும். தைராய்டு பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

முலுண்ட்_முரளி (வியாழன், இரவு 9.30)

மருத்துவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கேன். இடுப்பை எங்கே அளக்கிறது, பேன்ட் கட்டுற இடத்திலா, தொப்புளிலா?

நெருல்_மருத்துவர் (வியாழன், இரவு 10.05)

கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். மூச்சை இயல்பாக விட்டபின், நாடா தோலை அழுத்தாமல். பேன்ட் கட்டும் இடம் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும், அங்கே அளந்தால் பல செ.மீ. குறைத்துக் காட்டும். உங்கள் 96 அங்கே எடுத்ததென்றால் சனிக்கிழமைக்குள் மறுபடி அளந்துகொண்டு போங்கள்.